பேசினுக்கு ஏற்ற டைலா, டைலுக்கு ஏற்ற பேசினா?

1988-ல் கட்டிய ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாடியில் 5 அடிக்கு 8 அடி குளியலறை. ஐவரி நிறத்தில் வெஸ்டர்ன் டாய்லெட், அதே ஐவரியில் தூண் வைத்த வாஷ்பேசின், சுவரில் பாதி உயரத்துக்கு வெளிர் பழுப்பு டைல்ஸ். முப்பது வருடங்களுக்கு மேல் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. ஒருநாள் அலமாரியிலிருந்து கனமான கண்ணாடிப் புட்டி தவறி விழுந்து பேசின் விரிசல் விட்டது.

பேசினை மட்டும் மாற்றினால் போதும் என்றுதான் எவருக்கும் தோன்றும். கடையில் “ஐவரி இருக்கிறதா?” என்று கேட்டால் இருக்கிறது. வாங்கிவந்து மாட்டிய பிறகுதான் சங்கடம் தெரியும். புதிய ஐவரியில் லேசாக ரோஜா கலந்திருக்கிறது, பழைய ஐவரியில் மஞ்சள் கலந்திருக்கிறது. இரண்டும் நான்கடி இடைவெளியில் இருக்க, டாய்லெட் கழுவாமல் விட்டதுபோலவும், பேசின் வேறு வீட்டிலிருந்து வந்ததுபோலவும் தெரிகின்றன. நிறத்தின் பெயர் ஒன்றுதான், நிறம் ஒன்றல்ல.

டைல்ஸ், குழாய், பேசின், டாய்லெட் ஆகிய நான்கையும் நிறம் பார்த்துச் சேர்க்க நினைக்கும் எல்லோரும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, அந்த நிறம் சூளைக்குள் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மண்ணும் நெருப்பும் செய்யும் நிறம்

டாய்லெட்டும் பேசினும் பெயின்ட் அடித்த பொருட்கள் அல்ல. வெண்களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் மூன்றையும் அரைத்து, தண்ணீரில் பாலேடு பதத்துக்குக் கரைத்து, பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரங்களில் மண் திரண்டு வடிவம் பிடிக்கும். காயவைத்து, மேலே கிளேஸ் எனப்படும் கண்ணாடிப் பூச்சைத் தெளித்து, ஏறக்குறைய 1,200 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள். அந்தச் சூட்டில் கிளேஸ் உருகிக் கண்ணாடியாகி, கீழே இருக்கும் மண்ணோடு ஒன்றாகிவிடும். பூச்சின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. காய்ந்து வெந்து முடியும்போது பொருள் முழுவதும் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியும் இருக்கும்.

சுட்ட மண் தூய வெள்ளை அல்ல. சற்று மங்கலாகவே இருக்கும். அதை மறைத்து வெண்மை தருவது கிளேஸில் கலக்கும் சிர்க்கான் என்ற கனிமம். கண்ணாடிக்குள் மிதக்கும் சிர்க்கான் துகள்கள் வெளிச்சத்தை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கின்றன, அதனால் அடியில் இருக்கும் மண் தெரிவதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் கனிமங்களில் இந்தச் சிர்க்கானும் ஒன்று.

நிறம் வேண்டுமானால் இந்த வெள்ளைக் கிளேஸோடு நிறப்பொடியைச் சேர்க்க வேண்டும். துணிச் சாயமோ பெயின்டோ 1,200 டிகிரியில் கருகிப் போய்விடும். சூளையின் சூட்டைத் தாங்கும் நிறப்பொடிகள் கொஞ்சம்தான் உண்டு. அவற்றிலும் மிக உறுதியானவை சிர்க்கானின் படிகத்துக்குள்ளேயே வேறொரு உலோகத்தைச் சிறைவைத்துச் செய்தவை. வனேடியம் சேர்த்தால் நீலம், பிரசியோடிமியம் சேர்த்தால் மஞ்சள், இரும்பு சேர்த்தால் செம்பவளம். நீலத்தையும் மஞ்சளையும் கலந்தால் பிஸ்தா பச்சை. ஐவரிக்கு மஞ்சளும் செம்பவளமும் துளித்துளி போதும். பழைய வீடுகளில் பார்க்கும் அந்த மென்மையான பச்சை, நீலம், ரோஜா எல்லாம் வெள்ளைக் கிளேஸில் இப்படிச் சிறிதளவு நிறம் கலந்து வந்தவைதான்.

ஐவரி ஒட்டாமல் போகும் காரணமும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு துளி மஞ்சள் கூடினாலும், கிளேஸ் கொஞ்சம் தடித்தாலும், சூளையின் ஒரு மூலையில் சூடு சற்று ஏறினாலும் வெளிர்நிறம் நகர்ந்துவிடும். கிளேஸ் உருகும்போது கூர்மையான விளிம்புகளிலிருந்து வழுகி மெலிவதால், நிறப் பேசினின் ஓரத்தில் வேறு சாயலில் ஒரு கோடு தெரிவதும் உண்டு. வெள்ளையிலும் இந்த மாற்றங்கள் நடக்கவே செய்கின்றன. ஆனால் நிறப்பொடி இல்லாததால் கண்ணுக்குத் தட்டுப்படும் அளவு அவை பெரிதாவதில்லை.

உற்பத்தியாளருக்கும் நிறம் எளிதல்ல. ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது தெளிக்கும் கருவிகளையெல்லாம் கழுவ வேண்டும். சிதறி விழும் வெள்ளைக் கிளேஸைச் சேகரித்துத் திரும்பப் பயன்படுத்தலாம். அதில் நிறம் கலந்துவிட்டால் வீண். நிறப் பொருள் விலை கூடுவதற்கும், சில வருடங்களில் அந்த நிறம் விற்பனையிலிருந்து காணாமல் போவதற்கும் இவை காரணங்கள். டாய்லெட் முப்பது, நாற்பது வருடம் உழைக்கும். அதன் நிறம் கடையில் அத்தனை நாள் இருக்காது.

ஒட்டும் நிறம் ஒரு விற்பனைப் பொருளானது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிருமிகளைப் பற்றிய அறிவு பரவியபோது, அழுக்கு இருந்தால் உடனே தெரிய வேண்டும் என்பதற்காகக் குளியலறைகள் மருத்துவமனைபோல வெண்மையாகின. அந்த வழக்கத்தை அமெரிக்காவில் உடைத்தவர்களில் முன்னணியில் இருந்தது விஸ்கான்சின் மாநிலத்தின் கோஹ்லர் நிறுவனம். 1927-ல் அது லாவெண்டர், இளம்பச்சை, பழைய ஐவரி உள்ளிட்ட நிறங்களை அறிமுகப்படுத்தியது.

நிறத்தைவிடப் பெரிய செய்தி, அந்த நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டின என்பது. குளிக்கும் தொட்டி வார்ப்பிரும்பின் மேல் எனாமல் பூசியது. டாய்லெட் சுட்ட களிமண். இரண்டுக்கும் பூச்சு வேறு, சுடும் வெப்பம் வேறு. இப்படிப்பட்ட இரண்டு பொருட்களில் ஒரே லாவெண்டரைக் கொண்டுவருவது கடினமான வேலை. அதைச் செய்துகாட்டியதால்தான் தொட்டி, பேசின், டாய்லெட் மூன்றையும் ஒரே நிறத்தில் ஒரு ‘செட்’டாக விற்க முடிந்தது. 1929-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் நடந்த வடிவமைப்புக் கண்காட்சியில் அந்த நிறுவனத்தின் கறுப்புக் குளியலறைப் பொருட்கள் இடம்பெற்றன.

பிறகு நிறங்கள் அலையலையாக வந்தன. 1950-களில் அமெரிக்காவில் ரோஜா நிறம். 1970-களில் பிரிட்டனில் அவகாடோ பச்சை. பிரிட்டனில் விற்ற ஒரு நிறத்துக்குப் பெயரே ‘இந்தியன் ஐவரி’. மறுபடி வெள்ளை வந்தபோது இந்த நிறங்களெல்லாம் நின்றுபோயின. உடைந்த ஒரு மூடிக்காகவும் சீட்டுக்காகவும் மக்கள் தேடி அலைவதால், நின்றுபோன நிறங்களை மட்டுமே சேர்த்துவைத்து விற்கும் கடைகள் அங்கே இன்றும் இருக்கின்றன. 2023-ல் கோஹ்லர் தன் 150-வது ஆண்டை ஒட்டிப் பழைய நிறங்களுக்கு வாக்கெடுப்பு நடத்தி, அதில் வென்ற இளம்பச்சையையும் ‘பீச்ப்ளோ’ என்ற ரோஜா சாயலையும் சிறிது காலத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தது.

தமிழ்நாட்டில் ராணிப்பேட்டைப் பகுதியில் பீங்கான் சுகாதாரப் பொருட்கள் வெகுகாலமாகத் தயாராகின்றன. 1980, 90-களில் கட்டிய நம் ஊர் வீடுகளில் ஐவரி, ரோஜா, வெளிர்நீலம், வெளிர்பச்சை நான்கும் சாதாரணம். இன்று அந்த வீடுகள் பழுதுபார்க்கும் வயதுக்கு வந்திருக்கின்றன. ‘ஒரு பொருள் மட்டும் மாற்ற வேண்டும்’ என்ற கேள்வி அதனால்தான் கடைகளில் அடிக்கடி எழுகிறது.

வெள்ளையிலும் பல வெள்ளை

‘நிறமே வேண்டாம், எல்லாம் வெள்ளையாக வாங்கிவிடலாம்’ என்று முடிவெடுப்பவர்களுக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. டாய்லெட்டின் வெள்ளையும் டைல்ஸின் வெள்ளையும் வெவ்வேறு தொழிற்சாலைகளில், வெவ்வேறு கிளேஸில் பிறந்தவை. டாய்லெட் பெரும்பாலும் நீலம் பாய்ந்த வெள்ளையாக இருக்கும்; வெள்ளை என்று விற்கும் சுவர் டைல்ஸ் பலவற்றில் பால் நிறம் கலந்திருக்கும். தனியாகப் பார்த்தால் டைல் பளிச்சென்று தெரியும். வெள்ளை டாய்லெட்டுக்குப் பின்னால் ஒட்டினால் சுவர் பழுத்ததுபோல் ஆகிவிடும். சீட் மூடி பிளாஸ்டிக். அது மூன்றாவது வெள்ளை. நாளாக நாளாக அது மஞ்சளாகவும் செய்யும். கிளேஸ் அப்படி மாறாது.

இதிலிருந்து கிடைக்கும் விதி எளிது. ஒன்று, இரண்டு நிறங்களும் அப்படியே ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பார்த்தவுடன் வேறு வேறு என்று தெரியும் அளவுக்கு விலகி இருக்க வேண்டும். கிட்டத்தட்ட ஒன்று என்ற நிலைதான் கண்ணை உறுத்தும். பட்டுப்புடவைக்குச் சற்றே தப்பிய சாயலில் ரவிக்கை அணிந்தால் தையல்காரர் தவறவிட்டதாகத் தோன்றும். எதிர்நிறத்தில் அணிந்தால் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்ததாகத் தோன்றும். குளியலறைக்கும் அதுவே பொருந்தும். வெள்ளை டாய்லெட்டுக்குப் பின்னால் சாம்பல், மணல், பச்சை என்று தெளிவாக வேறுபடும் சுவர் இருந்தால், இரண்டு வெள்ளைகளுக்கும் சண்டையே வராது.

வெள்ளைச் சுவர்தான் வேண்டும் என்றால், சோதித்துப் பார்த்து வாங்குவதற்கு ஒரு வழி இருக்கிறது. ஃப்ளஷ் டேங்கின் மூடி தனியாகக் கழன்றுவரும். வாங்கப்போகும் டாய்லெட்டின் மூடியைக் கேட்டு வாங்கி, டைல்ஸ் கடைக்கு எடுத்துச் செல்லலாம். டைலைச் சுவரில் இருப்பதுபோல நிறுத்திவைத்து, மூடியை அதன்மேல் சாய்த்து, முதலில் கடை வாசலின் பகல் வெளிச்சத்திலும், பிறகு வீட்டில் எரியப்போகும் அதே வகை விளக்கின் கீழும் பார்க்க வேண்டும். படுக்கவைத்துப் பார்க்கும் டைலில் மேல்விளக்கு விழுவதால் அது இன்னும் வெளுப்பாகத் தெரியும். சுவரில் ஒட்டிய பிறகு கொஞ்சம் இருட்டும்.

விளக்கைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பகலில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் இரவில் எல்.இ.டி. வெளிச்சத்தில் பிரிந்து நிற்கலாம். இரண்டும் வெவ்வேறு நிறப்பொடிகளால் செய்யப்பட்டிருந்தால் இது நடக்கும். பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்ட நீல வெள்ளை விளக்கில் ஐவரி அழுக்காகத் தெரியும். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் ஐவரி சூடாக ஒளிரும், வெளிர்நீலம் சாம்பலாகிவிடும். நிறப் பொருள் வைத்திருப்பவர்களுக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட 4000 கெல்வின் பாதுகாப்பான இடம்.

குறைவாகக் கிடைப்பதை முதலில்

வீடு கட்டுபவர்கள் பெரும்பாலும் டைல்ஸ் கடைக்குத்தான் முதலில் போகிறார்கள். அங்கே ஆயிரம் டைல்ஸ் இருக்கும். கண் கவர்ந்ததை வாங்கி, மேஸ்திரி ஒட்டியும் முடித்துவிடுவார். பிறகு அந்தச் சுவருக்கு ஏற்ற டாய்லெட்டைத் தேடினால் கடையில் வெள்ளை, ஐவரி, கறுப்பு, ஒன்றிரண்டு சாம்பல் தவிர அதிகம் இருக்காது. வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். எதில் தேர்வு குறைவோ அதை முதலில் முடிக்க வேண்டும்: டாய்லெட், பிறகு பேசின், பிறகு குழாய்களின் பூச்சு, அதற்குப் பின் டைல்ஸ், கடைசியில் டைல் இடுக்கை அடைக்கும் கிரவுட்.

பேசினையும் டாய்லெட்டையும் ஒரே நிறத்தில் வாங்க விரும்பினால் ஒரே நிறுவனம், ஒரே வரிசை, ஒரே நாள் என்று வாங்குவது நல்லது. பெட்டியைப் பிரித்து இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் கடையிலிருந்து எடுத்துவரக் கூடாது. நிறத்துக்கு ஆசைப்பட்டாலும் செட்டாக வாங்க மனமில்லாதவர்கள் பேசினில் மட்டும் நிறம் வைக்கலாம். கவுன்டர் மேல் உட்காரும் பேசினை நாளைக்கு மாற்றுவது ஒரு பிளம்பரின் அரைநாள் வேலை. டாய்லெட்டை மாற்றுவது அப்படியல்ல. அது தரையோடு பிணைந்தது. கழிவுக்குழாய் சுவரிலிருந்து எத்தனை அங்குலத்தில் இருக்கிறதோ அதே அளவில் புதியதும் அமைய வேண்டும். அமையாவிட்டால் தரையை உடைக்க நேரும்.

டைல்ஸ் வாங்கும்போது பார்க்க வேண்டியது பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்ட பாட்ச் எண்ணும் ஷேடு எண்ணும். டிசைன் பெயர் ஒன்றாக இருந்தும் பாட்ச் மாறினால் சாயல் மாறலாம். எல்லாப் பெட்டிகளிலும் ஒரே எண் இருக்கிறதா என்று இறக்கும்போதே பார்த்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு கடைக்காரரிடம் சொல்லிப் பயனில்லை.

குழாய்: எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்

‘குழாய் தங்க நிறத்தில் இருக்கட்டும்’ என்று சொல்பவர் மனத்தில் பெரும்பாலும் பேசின் குழாய் ஒன்றுதான் இருக்கும். குளியலறையில் கண்ணுக்குத் தெரியும் உலோகத்தை எண்ணிப் பார்த்தால் பட்டியல் நீளும்: பேசின் குழாய், அதன் வேஸ்ட் கப்ளிங், கீழே பாட்டில் டிராப், ஆங்கிள் காக்குகள், ஹெல்த் ஃபாசெட், அதன் ஹோஸ், ஃப்ளஷ் பொத்தான், ஷவர், சுடுதண்ணீர் மிக்சர், துண்டுக் கம்பி, தரை ஜாலி, சீட்டின் கீல். பதினைந்து வரை வரும். இவற்றில் பாதி தங்கமாகவும் பாதி குரோமாகவும் இருந்தால், நிறத்துக்குக் கொடுத்த விலை வீணாகிவிடும்.

குரோம் பூச்சு எல்லாவற்றோடும் ஒத்துப்போவதற்குக் காரணம், அதற்குத் தனி நிறம் இல்லாததுதான். பித்தளைக் குழாயின் மேல் நிக்கலும், அதன்மேல் மிக மெல்லிய குரோமியமும் ஏற்றப்படுகின்றன. அது கண்ணாடிபோலப் பக்கத்திலுள்ளதைப் பிரதிபலிக்கிறது. பச்சைப் பேசினின் மேல் பச்சை சாயும், ஐவரி மேல் ஐவரி சாயும். எந்த நிறுவனத்தின் குரோமும் இன்னொன்றின் குரோமோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். பழைய நிறப் பொருளோடு புதிய குழாய் சேர்ப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

தங்கம், ரோஸ் கோல்டு, பித்தளைச் சாயல் அப்படியல்ல. ஒருவரின் ரோஸ் கோல்டு மற்றவரின் செம்பு. தரமான குழாய்களில் இந்த நிறத்தை வெற்றிட அறைக்குள் உலோக ஆவியாகப் படியவைக்கிறார்கள். டைட்டானியம் நைட்ரைடு தங்க நிறம் தரும், சிர்க்கோனியம் நைட்ரைடு பித்தளைச் சாயல் தரும். இந்தச் சிர்க்கோனியம், டாய்லெட்டை வெள்ளையாக்கும் சிர்க்கானில் இருக்கும் அதே உலோகம். இப்படிப் படிந்த பூச்சு மிகக் கடினமானது. மலிவானவற்றில் வெறும் லாக்கர் பூச்சுதான் இருக்கும். ஒரு முறை ஆசிட் பட்டால் திட்டுத்திட்டாக உரியும். எந்த வகைப் பூச்சு என்று கேட்டு, எழுத்தில் உத்தரவாதம் வாங்குவது அவசியம். தங்கமோ மேட் கறுப்போ எதுவாக இருந்தாலும், பட்டியலில் உள்ள அத்தனையும் அதே வரிசையில் கிடைக்கிறதா என்று உறுதிசெய்த பிறகே முதல் குழாயை வாங்க வேண்டும். பெரும்பாலும் ஹெல்த் ஃபாசெட்டும் ஜாலியும்தான் கிடைக்காமல் போகும்.

ஐவரி, ரோஜா, பச்சை போன்ற நிறங்களுக்குப் பித்தளைச் சாயல் நன்றாகச் சேரும். நீலம் பாய்ந்த வெள்ளைக்கும் சாம்பலுக்கும் குரோம் இயல்பாக அமையும்.

தண்ணீர்தான் கடைசித் தீர்ப்பு சொல்லும்

நிறம் தேர்ந்தெடுக்கும்போது பலரும் பார்க்க மறப்பது வீட்டுத் தண்ணீர். தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் போர் தண்ணீர் கடினநீர். பேசினில் தெறித்த துளி காயும்போது தண்ணீர் ஆவியாகி, கால்சியமும் மெக்னீசியமும் வெள்ளைப் புள்ளியாகத் தங்கும். கறுப்புப் பேசினில் இந்தப் புள்ளி ஒரே வாரத்தில் தெரியும். மேட் கறுப்புக் குழாயில் இன்னும் மோசம். மேட் பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களில் உப்பும் சோப்பும் பிடித்துக்கொள்ளும்.

வெள்ளைக்கு எதிரி வேறு. தண்ணீரில் இரும்பு அதிகமானால், சொட்டும் குழாய்க்குக் கீழே பழுப்புக் கோடு இறங்கும். ஐவரி அந்தக் கோட்டைக் கொஞ்சம் மறைத்துக்கொள்ளும். பிஸ்தா பச்சை, மணல், வெளிர்சாம்பல் போன்ற நடுத்தர நிறங்கள் வெள்ளை உப்பையும் பழுப்புக் கறையையும் ஓரளவு தாங்கும். ஆனால் கண்ணாடிபோல் பளபளக்கும் கிளேஸாக இருக்க வேண்டும்.

வீட்டுத் தண்ணீரின் குணத்தை அறிய ஆய்வகம் வரை போகத் தேவையில்லை. கறுப்புக் கடப்பாக்கல் துண்டின் மேலும் வெள்ளைத் தட்டின் மேலும் அதே குழாய்த் தண்ணீரைப் பத்துத் துளி விட்டு வெயிலில் காயவைத்தால் போதும். கல்லில் வெள்ளை வட்டம் பளிச்சென்று தெரிந்தால் கறுப்புப் பேசினை மறந்துவிடலாம். தட்டில் மஞ்சள் தெரிந்தால் முதலில் தண்ணீரைச் சரிசெய்ய வேண்டும்.

உப்பைப் போக்க ஆசிட் ஊற்றும் வழக்கம் நிறக் குளியலறைக்குப் பெரும் கேடு. கிளேஸ் அதைத் தாங்கிக்கொண்டாலும், சிமென்ட் கிரவுட் அரிக்கும், குழாயின் பூச்சு போகும், ஜாலி கறுக்கும். எலுமிச்சைச் சாறோ நீர் கலந்த வினிகரோ சில நிமிடம் பூசிக் கழுவினால் புதிதாகப் படிந்த உப்பு போய்விடும். தினமும் ஒருமுறை துணியால் துடைத்தால் அதுவும் படியாது.

அந்த ஐவரி வீட்டில் என்ன செய்யலாம்?

மீண்டும் அந்த 5 அடிக்கு 8 அடி குளியலறை. பேசின் போயிற்று, டாய்லெட் நன்றாக இருக்கிறது. சுவர் டைல்ஸும் பழையதாகிவிட்டதால் அதையும் மாற்றலாம் என்று வீட்டார் நினைக்கிறார்கள். முன்னால் இரண்டு வழிகள்.

முதல் வழி, டாய்லெட்டையும் எடுத்துவிட்டு எல்லாம் வெள்ளை. தரையை எப்படியும் உடைக்கப்போகிறார்கள் என்றால் இது நியாயமான வழி. தரையைத் தொட விருப்பம் இல்லாவிட்டால், உழைக்கும் நிலையிலுள்ள டாய்லெட்டை நிறத்துக்காக மட்டும் தூக்கியெறிவது தேவையற்ற செலவு.

இரண்டாவது வழி, ஐவரியை வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஏற்பத் தேர்ந்தெடுப்பது. டேங்க் மூடியைத் துணியில் சுற்றிக் கடைக்கு எடுத்துச் செல்கிறார்கள். இன்னொரு ஐவரிப் பேசினைத் தேடுவதில்லை. வெள்ளைப் பேசினும் வேண்டாம். தூய வெள்ளை பக்கத்தில் வந்தால் ஐவரி அழுக்காகத் தெரியும். மூடியின் அருகே வைத்துப் பார்த்ததில் பொருந்துவது பளபளப்பான வெளுத்த இலைப்பச்சைப் பேசின். ஐவரியிலிருந்து அது தெளிவாக விலகி நிற்கிறது. இரண்டிலும் மஞ்சளின் சாயல் இருப்பதால் உறவும் தெரிகிறது. பேசினைச் சுவரில் மாட்டாமல், பழுப்புப் புள்ளிகள் கொண்ட கிரானைட் கவுன்டர் மேல் வைக்கிறார்கள். கவுன்டர் நடுவில் வருவதால் இரண்டு நிறங்களும் நேரடியாக ஒட்டுவதில்லை.

குழாய் குரோம்தான். டாய்லெட்டின் ஆங்கிள் காக்கும் சீட் கீலும் ஏற்கெனவே குரோம். போர் தண்ணீரில் குரோமைத் துடைப்பதும் எளிது.

சுவருக்கு ஐவரியைவிட இரண்டு படி அடர்ந்த மணல் நிற டைல்ஸ். பின்சுவர் சற்று இருட்டாக இருந்தால்தான் முன்னால் நிற்கும் பழைய ஐவரி சுத்தமாகத் தெரியும். சுவர் அதைவிட வெளுத்திருந்தால் டாய்லெட் மங்கிவிடும். கிரவுட்டும் மணல் நிறம். வெள்ளைச் சிமென்ட் பூசினால் சுவர் முழுக்க வெள்ளைக் கோடுகள் ஓடி, தவிர்க்க நினைத்த வெள்ளை திரும்ப வந்துவிடும்.

கணக்கும் பெரிதில்லை. நான்கு சுவர்களின் சுற்றளவு 26 அடி. 7 அடி உயரத்துக்கு 182 சதுர அடி. கதவைக் கழித்தால் ஏறக்குறைய 165. வெட்டுச் சேதத்துக்கும் பின்னாளைய பழுதுக்கும் பத்து சதவீதம் கூட்டினால் 182 சதுர அடி. எல்லாம் ஒரே பாட்ச் எண்ணில். கூரையில் 4000 கெல்வின் விளக்கு.

வேலை முடிந்ததும் மிஞ்சிய டைல்ஸில் ஆறும், பச்சைப் பேசினோடு வாங்கிய கூடுதல் வேஸ்ட் கப்ளிங்கும் செய்தித்தாளில் சுற்றப்பட்டுப் பரணுக்குப் போகின்றன. பெட்டியிலிருந்து வெட்டிய பாட்ச் எண் சீட்டு அந்தக் கட்டின் மேலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. பிளம்பர் அடுத்த முறை டேங்க் மூடியைக் கழற்றும்போது சாய்த்து வைக்காமல் படுக்கவைக்க, பழைய துண்டு ஒன்றைக் குளியலறை அலமாரியிலேயே மடித்து வைத்திருக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேலான அந்த ஐவரி மூடிக்கு மாற்று எந்தக் கடையிலும் இல்லை.